335 வாட் பேனல், 9 ஆம்பியர்: சார்ஜ் கன்ட்ரோலர் அளவைத் தேடி அலைந்தது

சின்னமனூருக்கு மேற்கே மாமாவின் தோட்டத்தில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு உண்டு, ஆனால் விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. அதனால் பல வருடமாக அந்த வீடு சோலாரில்தான் ஓடுகிறது. ஒரு 150 வாட் பேனல், 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் 20 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று. நாலு எல்இடி பல்பு, ஒரு 12 வோல்ட் ஃபேன், போன் சார்ஜ். அவ்வளவுதான் தேவை இருந்தது.

போன வருடம் அத்தை அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். மிக்சி வேண்டும், டிவி வேண்டும், சின்ன ஃப்ரிட்ஜ் இருந்தால் நல்லது. மாமா யாரிடமோ பேசி, கழற்றி வைத்திருந்த 335 வாட் பேனல் இரண்டை மலிவாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "மாப்ள, இதுல ஒன்னு மாட்டினாலே பழசைவிட ரெண்டு மடங்கு கரண்ட் வரும்ல?" என்று கேட்டார். வரும் என்றுதான் நானும் சொன்னேன்.

பழைய பேனலை இறக்கிவிட்டு புதியதில் ஒன்றை ஏற்றினோம். அதே கன்ட்ரோலர், அதே பேட்டரி. நல்ல உச்சிவெயில். பேட்டரி ஒயரில் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால் 8.8 ஆம்பியர். பழைய 150 வாட் பேனல் அதே நேரத்தில் 7.9 கொடுத்துக்கொண்டிருந்தது. வாட் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, ஆம்பியர் முழுசாக ஒன்றுகூட ஏறவில்லை. பேட்டரி வோல்ட் 13.2. பெருக்கினால் 116 வாட். மீதி இருநூறு வாட்டுக்கு மேல் எங்கே போனது?

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். (சாதாரண ஏசி கிளாம்ப் மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது, டிசி மின்னோட்டத்தில் அது பூஜ்யம்தான் காட்டும். என்னுடையது டிசியும் அளக்கும் வகை.) பிறகு பேனல் பழுது என்று நினைத்தேன். இரண்டாவது பேனலை மாட்டிப் பார்த்தால் அதுவும் அதே 8.8. அப்புறம்தான் பேனலைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த லேபிளை நிதானமாகப் படித்தேன்.

அதில் இருந்தது இவ்வளவு: உச்ச சக்தி 335 வாட். அந்த உச்சத்தில் வோல்ட் 37.9, ஆம்பியர் 8.84. எதையும் இணைக்காமல் விட்டால் 45.9 வோல்ட், லேபிளில் இது Voc. இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்தால் 9.35 ஆம்பியர், இது Isc.

பதில் அங்கேயே இருந்தது. இந்தப் பேனல் நல்ல வெயிலிலும் 9 ஆம்பியர் சுமார்தான் தரும். அதன் 335 வாட் என்பது 9 ஆம்பியரை 38 வோல்ட்டில் தருவதால் வருவது. பழைய 150 வாட் பேனலும் 8 ஆம்பியர் சொச்சம்தான், ஆனால் 18 வோல்ட்டில். பெரிய பேனலில் கூடியிருப்பது வோல்ட், ஆம்பியர் இல்லை. எங்கள் கன்ட்ரோலரோ அந்தக் கூடுதல் வோல்ட்டை வாங்கிப் பயன்படுத்தத் தெரியாத வகை.

அந்த வகைக்குப் பெயர் பிடபிள்யூஎம். உள்ளே இருப்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். பேட்டரி காலியாக இருக்கும்போது பேனலை பேட்டரியோடு நேராக இணைத்துவிடும். பேட்டரி நிறைந்து வரும்போது வினாடிக்குப் பலமுறை அணைத்துப் போட்டு அளவைக் குறைக்கும். நேராக இணைத்தால் பேட்டரிதான் வெல்லும்: பேனலின் 38 வோல்ட் 13 வோல்ட்டுக்கு இழுபட்டு இறங்கிவிடும். ஆம்பியர் அப்படியே போகும். 13 வோல்ட், 9 ஆம்பியர், சுமார் 117 வாட். கணக்கு அச்சாகப் பொருந்தியது. மீதி வாட் வீணாகி எரியவில்லை, பேனலிலிருந்து வெளியே வரவே இல்லை.

இதை அன்றைக்கே புரிந்துகொண்டு நிறுத்தியிருக்கலாம். மாமா விடவில்லை. "ஒன்னுல ஒம்போதுன்னா, ரெண்டு மாட்டு, பதினெட்டு வரட்டும். கன்ட்ரோலர் இருவது ஆம்பியர்தான?" சரி என்று இரண்டையும் பேரலலில் இணைத்தேன். பதினேழரை ஆம்பியர் வந்தது. இருபதுக்குள் இருக்கிறது, போதும் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மாமா போன் செய்தார், கன்ட்ரோலர் பக்கம் கருகல் வாசம் வருகிறது என்று. போய்ப் பார்த்தால், பேட்டரி ஒயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தது, ஒயரின் செம்பு கறுத்திருந்தது. கன்ட்ரோலரின் முதுகில் இருந்த அலுமினியத் தகட்டில் கை வைக்க முடியவில்லை.

தளர்ந்த ஸ்க்ரூ என் தப்பு. பழைய 2.5 சதுர மில்லி ஒயரை மாற்றாமல் விட்டதும் என் தப்புதான். ஆனால் அளவுக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. பேனல் லேபிளில் உள்ள எண்கள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில் அளந்தவை. வெளியே சில நேரம் அதைத் தாண்டி வெளிச்சம் விழும். மழை விட்டு வானம் கழுவியது போல இருக்கும்போது, சூரியனுக்குப் பக்கத்தில் வெள்ளை மேகம் ஒன்று நின்றால், நேர் வெயிலோடு மேகத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சேர்ந்து பேனலில் விழும். அந்த நேரத்தில் லேபிளைவிடக் கூடுதலாக மின்னோட்டம் வரும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வருவதை அப்படியே தன் வழியாக விடுகிறது, குறைத்து வாங்க அதற்கு வழியில்லை. அதனால்தான் அந்த வகைக்கு Isc எண்ணை எடுத்து, பேரலலில் எத்தனை வரிசை இருக்கிறதோ அதனால் பெருக்கி, மேலே கால் பங்கு சேர்க்க வேண்டும். எங்கள் கணக்கில் 9.35 இரண்டு முறை 18.7. அதோடு கால் பங்கு சேர்த்தால் 23.4. சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 30. நான் ஓட்டியது 20.

அடுத்து, புதுக் கன்ட்ரோலர் வாங்க ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்து 670-ஐ 12-ஆல் வகுத்தார். 55.8 வந்தது. "அறுபது ஆம்பியர் வாங்கிக்கங்க" என்று ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியில் எம்பிபிடி என்று பெரிதாகப் போட்டிருந்தது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. கையில் தூக்கினால் தீப்பெட்டி மாதிரி லேசு.

வகுத்தல் சரிதான், எம்பிபிடி கன்ட்ரோலருக்கு. அது பேனலை அதன் 38 வோல்ட்டிலேயே ஓட விட்டு, அந்த வாட்டை முழுசாக வாங்கி, பேட்டரியின் வோல்ட்டுக்கு இறக்கி, அதற்கு ஏற்ப ஆம்பியரை ஏற்றிக் கொடுக்கும். வோல்ட்டை ஆம்பியராக மாற்றுகிறது என்று சொல்லலாம். அதனால் அதன் வெளியே வரும் ஆம்பியர், பேனல் வாட்டை பேட்டரி வோல்ட்டால் வகுத்தால் வருவது. பிடபிள்யூஎம்முக்கு இந்த வகுத்தல் பொருந்தவே பொருந்தாது. அதில் 335 வாட் பேனலை 12-ஆல் வகுத்து 28 ஆம்பியர் என்று எதிர்பார்த்தால், எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். குழப்பம் எல்லாம் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வருகிறது. சுவரில் எழுதி வைத்த அளவுக்கு இது எனக்கு முக்கியமாகிவிட்டது:

```
PWM :  A = Isc x (parallel strings) x 1.25
MPPT:  A = panel W / battery V
```

அந்த லேசான பெட்டியை வாங்கவில்லை. ஆனால் அதே மாதிரி ஒன்று நண்பர் ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் இரவல் வாங்கி மாமா தோட்டத்தில் மாட்டிப் பார்த்தேன். சோதனை ரொம்ப எளிது. கிளாம்ப் மீட்டரை முதலில் பேனலிலிருந்து வரும் ஒயரில் வைக்க வேண்டும், அடுத்து பேட்டரிக்குப் போகும் ஒயரில். இதை பேட்டரி பாதியளவு காலியாக இருக்கும்போது, நல்ல வெயிலில் செய்ய வேண்டும், நிறைந்த பேட்டரியில் எந்தக் கன்ட்ரோலரும் அடங்கித்தான் கிடக்கும். பேனல் பக்கம் 17.2 ஆம்பியர். பேட்டரி பக்கம் 17.1. பேனல் முனையில் வோல்ட் பார்த்தால் 13.4. உண்மையான எம்பிபிடியாக இருந்தால் பேனல் முனையில் முப்பது வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கும், பேட்டரி பக்க ஆம்பியர் பேனல் பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கும். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் இது பிடபிள்யூஎம். எடை குறைவாக இருப்பதன் காரணமும் இதுதான்: வோல்ட்டை இறக்க உள்ளே கனமான செம்புச் சுருள் வேண்டும், அது இதில் இல்லை.

நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். "மாடு கணக்குப் பார்க்குறதில்ல" என்று சிரித்துவிட்டார். அவரிடம் இருப்பது 36 செல் பேனல்தான், எங்கள் பழையது போல 18 வோல்ட் வகை, பிடபிள்யூஎம் அதற்குப் பொருத்தம்தான். அவருக்கு நஷ்டம் பெட்டியின் மேல் இருந்த பெயரில் மட்டும்.

சரி, உண்மையான எம்பிபிடி வாங்குவது என்று முடிவாயிற்று. எத்தனை ஆம்பியர்? இங்கே பேட்டரி வோல்ட்தான் தலையெழுத்தை எழுதுகிறது. 670 வாட்டை 12-ஆல் வகுத்தால் 56 ஆம்பியர், 60 ஆம்பியர் கன்ட்ரோலர் வேண்டும். 24-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர், 30 அல்லது 40 போதும். அதே பேனல், அதே வெயில், பேட்டரியை இரண்டாக்கி சீரீஸில் போட்டால் கன்ட்ரோலர் பாதியாகிவிடுகிறது. ஒயரும் மெலிகிறது.

பணக் கணக்கைத் தள்ளிவைத்தாலும் 12 வோல்ட்டில் நிற்க முடியாத இன்னொரு காரணம் இருந்தது, அதைப் பலரும் பார்ப்பதில்லை. கன்ட்ரோலர் 56 ஆம்பியர் கொடுக்கலாம், பேட்டரி வாங்குமா? டியூபுலர் பேட்டரியை அதன் ஏஹெச் அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்வதுதான் வழக்கம். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 150 ஏஹெச்சுக்கு 15 ஆம்பியர் சுகம், 30 எல்லை. அதில் 56-ஐத் திணித்தால் பேட்டரி சூடாகும், கொதித்து வாயு விடும், மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே கை ஓய்ந்துவிடும், பிளேட்டில் உள்ள பொருள் உதிர்ந்து அடியில் சேரும். 24 வோல்ட்டில் அதே இரண்டு பேனலும் அதிகபட்சம் 28 ஆம்பியர்தான் கொடுக்கும். சீரீஸில் இரண்டு பேட்டரி வழியாகவும் அதே 28தான் ஓடும். எல்லைக்குள் இருக்கிறது. ஆக, கன்ட்ரோலர் அளவைத் தேடிப் போன நான், பேட்டரியால் 24 வோல்ட்டுக்குத் தள்ளப்பட்டேன்.

பழைய பேட்டரி ஐந்து வருடம் ஓடியது. அதோடு புதுசு ஒன்றைச் சீரீஸில் கோக்கலாமா என்று மாமா கேட்டார். கூடாது. பழையது முதலில் நிறைந்து கொதிக்கும், முதலில் காலியாகவும் ஆகும், புதுசு எப்போதும் அரைகுறையாகவே கிடக்கும். பழையதை எடைக்குப் போட்டுவிட்டு ஒரே மாடலில், ஒரே மாதத் தயாரிப்பில் இரண்டு வாங்கினோம்.

இப்போது 30-ஆ 40-ஆ? வகுத்து வந்தது 28. இதற்கு மேல் கால் பங்கு சேர்க்க வேண்டும் என்பார்கள், சேர்த்தால் 35, அதனால் 40. ஆனால் இங்கே அந்தக் கால் பங்கின் காரணம் பிடபிள்யூஎம்மில் இருந்த காரணம் இல்லை. ஒழுங்கான எம்பிபிடி தன் அளவுக்கு மேல் கொடுக்காது. பேனலிடமிருந்து அதிகம் கிடைத்தாலும் 30 ஆம்பியர் கன்ட்ரோலர் 30-இலேயே நின்றுகொள்ளும், மிச்சத்தை வாங்காமல் விட்டுவிடும். கருகல் வாசம் வராது, கொஞ்சம் வாட் மட்டும் போகும்.

தவிர, வகுக்கும் எண்ணிலேயே ஒரு இடைவெளி ஒளிந்திருக்கிறது. 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 24-இல் இருப்பதில்லை, 25-இல் தொடங்கி 28.8 வரை ஏறுகிறது. 670-ஐ 26-ஆல் வகுத்தால் 25.8 ஆம்பியர்தான். தயாரிப்பாளர்களும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். நான் பார்த்த 40 ஆம்பியர் மாடலின் கையேட்டில் 12 வோல்ட்டுக்கு 520 வாட், 24 வோல்ட்டுக்கு 1040 வாட் என்று பேனல் அளவு போட்டிருந்தது. 520-ஐ 40-ஆல் வகுத்தால் 13. 1040-ஐ வகுத்தால் 26. அதே கணக்கில் 30 ஆம்பியருக்கு 24 வோல்ட்டில் 780 வாட். எங்கள் 670 அதற்குள் தாராளமாக அடங்குகிறது. அதோடு கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சக்தி 0.4 சதவீதம் குறையும், அப்படியே 14 சதவீதம் போய்விடும். பெரும்பாலான நாள் 670 என்பது காகிதத்தில்தான்.

அதனால் 30 போதும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நான் 40 வாங்கினேன், அதற்கு ஒரே காரணம் இடம். கன்ட்ரோலர் மாட்ட இருந்த ஒரே சுவர் மோட்டார் ரூமில், தகரக் கூரை. சித்திரை மதியம் உள்ளே நின்றால் மூச்சு முட்டும். சூடு ஏறினால் எம்பிபிடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 30-ஐ முழுமூச்சில் ஓட்டுவதைவிட 40-ஐ முக்கால் மூச்சில் ஓட்டுவது அந்த அறையில் நல்லது என்று பட்டது. விலை வித்தியாசமும் கடையில் அந்த நேரம் பெரிதாக இல்லை.

ஆம்பியர் முடிந்தது என்று பணம் கொடுக்கப் போகும் முன், வோல்ட்டையும் ஒருமுறை பார்த்தது நல்லதாயிற்று. ஆம்பியரில் தப்பினால் எம்பிபிடி மன்னிக்கும், பேனல் பக்க வோல்ட்டில் தப்பினால் மன்னிக்காது, உள்ளே வெடித்துவிடும். இரண்டு பேனலைச் சீரீஸில் போட நினைத்திருந்தேன். Voc இரண்டும் சேர்ந்து 91.8. குளிர்ந்தால் இந்த எண் ஏறும், எங்கள் பேனலுக்கு டிகிரிக்கு 0.31 சதவீதம். மார்கழி விடியலில் தோட்டத்தில் 15 டிகிரிக்கு இறங்கும் என்று வைத்தால் 94.6 வோல்ட். 100 வோல்ட் கன்ட்ரோலர் கணக்குப்படி தாங்கும், ஆனால் இடைவெளி விரலளவு. இதே ஜோடியைக் கொடைக்கானலில் 5 டிகிரிக்கு வைத்தால் 97-ஐத் தாண்டிவிடும். 150 வோல்ட் மாடலையே எடுத்தேன்.

ஏன் பேரலலிலேயே விடவில்லை என்று கேட்கலாம். பேரலலில் 37.9 வோல்ட். சூட்டில் அது 32 சுமாருக்கு இறங்கும். பேட்டரியோ 28.8 வரை ஏறும். எம்பிபிடிக்கு வேலை செய்ய பேட்டரியைவிடச் சில வோல்ட் மேலே இருக்க வேண்டும், ஒயரிலும் கொஞ்சம் போகும். சரியாகப் பேட்டரி நிறைய வேண்டிய மதியத்தில் கன்ட்ரோலர் திணறும்.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேட்டரி பக்கம் 10 சதுர மில்லி செம்பு ஒயர், ஒன்றரை மீட்டருக்குள். இடையில் 50 ஆம்பியர் டிசி எம்சிபி, பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். வீட்டில் கிடக்கும் ஏசி எம்சிபியைப் போடக் கூடாது. டிசி நெருப்புப்பொறியை அது அணைக்காது. பேனல் பக்கம் 9 ஆம்பியர்தான், 4 சதுர மில்லி சோலார் கேபிள் போதுமானது. ஒயர் முனைகளில் லக் போட்டு அழுத்தினேன், ஸ்க்ரூவை முறுக்கினேன், அடுத்த ஞாயிறு வந்து திரும்ப முறுக்கினேன். போன தடவை பட்ட சூடு.

இணைக்கும் வரிசையில் பேட்டரி முதலில், பேனல் பிறகு. பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் 12-ஆ 24-ஆ என்று தெரிந்துகொள்கிறது. கழற்றும்போது இதைத் தலைகீழாக.

பழைய 12 வோல்ட் பல்புகளும் ஃபேனும் ஒரு சிக்கலாக நின்றன. "ரெண்டு பேட்டரியில ஒன்னுல இருந்து மட்டும் தனியா எடுத்துக்கலாமே மாப்ள, அது பன்னெண்டுதான?" என்றார் மாமா. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். செய்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகக் காலியாகும், கன்ட்ரோலருக்குத் தெரிவதோ இரண்டின் மொத்த வோல்ட்தான். ஒன்று பட்டினி, இன்னொன்று கொதிப்பு. 24-இலிருந்து 12-க்கு இறக்கும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு பேட்டரியின் கடைசி முனைகளிலிருந்து அதற்குக் கொடுத்தேன்.

காலை 11 மணிக்கு முதல் அளவு எடுத்தேன். பேனல் பக்கம் 66 வோல்ட், 7.3 ஆம்பியர். பேட்டரி பக்கம் 26.6 வோல்ட், 17.6 ஆம்பியர். உள்ளே போனது 482 வாட், வெளியே வந்தது 468. இரண்டு பக்கத்து ஆம்பியரும் ஒன்றாக இல்லாததைப் பார்த்ததில்தான் எனக்கு நிம்மதி. மாமாவுக்கு நிம்மதி ஃப்ரிட்ஜ் ஓடியதில்.

அதற்குப் பின் மூன்று மாதத்தில் நான் பார்த்த உச்சம் 27 ஆம்பியரும் கொஞ்சமும். ஐப்பசியில் ஒரு மதியம், ஒரு மழை ஓய்ந்து சூரியன் மேகத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்தபோது, சில நொடி மட்டும். சாதாரண நாளில் மதியம் 19, 20-ஐத் தாண்டுவதில்லை. கன்ட்ரோலரைத் தொட்டால் இளஞ்சூடு.

கதை இங்கே முடிந்திருக்கும். பொங்கலுக்குப் போனபோது தோட்டத்துச் சுவரில் மூன்றாவதாக ஒரு 335 வாட் பேனல் சாய்ந்து நின்றது. "அதே விலைக்குக் கொடுத்தான், விட மனசு வரல. நாப்பது ஆம்பியர்ல ஒனக்கு இன்னும் இடம் இருக்குல்ல?"

உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டேன். மூன்றும் சீரீஸில் 137.7 வோல்ட், 15 டிகிரியில் 142, 150-க்குள். மொத்தம் 1005 வாட், கையேட்டின் 1040-க்குள். 26-ஆல் வகுத்தால் 38.7 ஆம்பியர். கன்ட்ரோலர் தாங்கும். தாங்காதது பேட்டரி, அதன் எல்லை 30. இந்த மாடலில் சார்ஜ் மின்னோட்டத்தின் உச்சத்தைக் குறைத்து வைக்க ஒரு செட்டிங் உண்டு. அதில் 40 என்று இருந்ததை 30 ஆக்கிவிட்டு, மூன்றாவது பேனலை ஏற்றினோம்.

இப்போது நல்ல வெயிலில் திரையில் 29.9 வந்து அப்படியே நிற்கிறது. அது ஏன் மேலே ஏற மாட்டேன் என்கிறது என்று மாமா வாரம் ஒருமுறை போனில் கேட்கிறார்.